மாத்திரை விட்டுப்போன நாட்களின் கணக்கு

முதலில் அட்டையை எடுத்து முன்னால் வையுங்கள். கூடவே ஒரு காலண்டரும் பேனாவும். மாத்திரை விட்டுப்போனது தெரிந்ததும் பல பெண்கள் செய்வது இரண்டில் ஒன்று. விட்டுப்போன எல்லாவற்றையும் மொத்தமாக விழுங்குவார்கள். இல்லையென்றால் "இந்த மாசம் கெட்டுப்போச்சு" என்று அட்டையையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். இரண்டுமே தவறு. இரண்டாவது தவறில்தான் கரு தங்கும் ஆபத்து அதிகம்.

இந்த அத்தியாயம் இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த 28 மாத்திரை அட்டைக்கானது. அரசு இலவசமாகத் தரும் மாலா-என், கடையில் விற்கும் மாலா-டி இரண்டும் இந்த வகை. 21 வெள்ளை மாத்திரைகளில் ஹார்மோன் இருக்கிறது. கடைசி 7 பழுப்பு மாத்திரைகளில் இருப்பது இரும்புச் சத்து மட்டுமே. பழுப்பு மாத்திரையை விட்டுவிட்டால் கவலையே வேண்டாம். அதை எறிந்துவிட்டு, அடுத்த அட்டையை உரிய நாளில் தொடங்கினால் போதும். 21 மாத்திரை மட்டும் உள்ள அட்டை என்றால், பழுப்பு மாத்திரை நாட்கள் என்று நான் சொல்லும் இடத்தில் மாத்திரை இல்லாத 7 நாட்கள் என்று படித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை சாப்பிடும் சாயா மாத்திரைக்கு விதியே வேறு. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

ஏன் எல்லா நாளும் ஒன்றல்ல

தெரிய வேண்டிய தத்துவம் இவ்வளவுதான். தொடர்ந்து 7 நாள் வெள்ளை மாத்திரை சாப்பிட்டால் சினைப்பை அடங்கி உறங்கும். பழுப்பு மாத்திரை நாட்களில் ஹார்மோன் இல்லாததால் அது மெல்லக் கண்விழித்து, கருமுட்டையை வளர்க்கத் தொடங்கும். 7 நாள் இடைவெளிக்குள் முட்டை வெளிவரும் அளவுக்கு வளராது. 8-ஆம் நாள் புது அட்டையின் வெள்ளை மாத்திரை உள்ளே போனதும் சினைப்பை மறுபடி அடங்கிவிடும்.

அந்த 7 நாள் இடைவெளி 9, 10 நாளாக நீண்டால்தான் சிக்கல். அப்படி நீள்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. புது அட்டையைத் தாமதமாகத் தொடங்குவது ஒன்று. பழைய அட்டையின் கடைசி வெள்ளை மாத்திரைகளை விட்டுவிட்டு, அப்படியே பழுப்பு மாத்திரைக்குப் போவது இன்னொன்று. நடு வாரத்தில் விட்டதுதான் பெரிய தப்பு என்று பெண்கள் பதறுகிறார்கள். உண்மையில் ஆபத்து அட்டையின் இரண்டு ஓரங்களில் இருக்கிறது. அதிலும் முதல் ஓரத்தில் விட்டதைப் பலர் "விட்டது" என்றே எண்ணுவதில்லை. "இன்னும் ஆரம்பிக்கவில்லை, அவ்வளவுதானே" என்பார்கள். இடைவெளி அங்கேதான் நீள்கிறது.

வாய்ப்பு எவ்வளவு என்று கேட்பீர்கள். ஒரு நாளும் தவறாமல் சாப்பிடும் 1,000 பெண்களில் ஓர் ஆண்டில் கரு தங்குவது சுமார் 3 பேருக்கு. அங்கங்கே மறப்பதும் சேர்ந்த நடைமுறை வாழ்க்கையில் அது சுமார் 70 பேராகிறது. மாத்திரை அதேதான். வித்தியாசம் முழுவதும் விட்டுப்போன நாட்களில் இருக்கிறது. உங்கள் சொந்த வாய்ப்பு, எத்தனை மாத்திரை, எந்த வாரத்தில், அதைச் சுற்றி எந்த நாளில் உறவு என்ற மூன்றையும் பொறுத்தது. ஆகவே அந்த மூன்றையும் எழுதுவதிலிருந்து தொடங்குவோம்.

முதல் வேலை: நான்கு தேதிகள்

1. கடைசியாக வெள்ளை மாத்திரை சாப்பிட்ட தேதி, நேரம்.
2. அதன் பிறகு சாப்பிடாமல் விட்ட வெள்ளை மாத்திரைகளின் எண்ணிக்கை. அட்டையில் மிஞ்சியிருப்பதை எண்ணுங்கள், நினைவை நம்ப வேண்டாம்.
3. விட்ட மாத்திரைகள் அட்டையின் எந்த வரிசையில் இருக்கின்றன. முதல் 7 என்றால் முதல் வாரம், 8 முதல் 14 வரை இரண்டாம் வாரம், 15 முதல் 21 வரை மூன்றாம் வாரம்.
4. கடந்த 5 நாளில் ஆணுறை இல்லாமல் உறவு கொண்ட தேதிகளும் நேரங்களும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். அதனால்தான் இந்த 5 நாள் கணக்கு.

ஒரே ஒரு வெள்ளை மாத்திரை விட்டிருந்தால்

நினைவு வந்த உடனே சாப்பிடுங்கள். அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் சாப்பிடுங்கள். நினைவு வந்ததே வழக்கமான நேரத்தில்தான் என்றால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாம். லேசாகக் குமட்டலாம், வேறு கெடுதல் இல்லை. கரு தங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆணுறையோ அவசர மாத்திரையோ தேவையில்லை.

இரண்டு அல்லது அதற்கு மேல் விட்டிருந்தால்

இந்த எல்லையை மூன்று என்று வைத்திருக்கும் கையேடுகளும் உண்டு. நர்ஸம்மா "ரெண்டுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால் அவர் அந்தக் கணக்கில் சொல்கிறார். நான் இரண்டு என்றே வைக்கச் சொல்வேன். கூடுதல் எச்சரிக்கைக்கு நீங்கள் கொடுக்கும் விலை 7 நாள் ஆணுறை மட்டும்தான்.

1. விட்டவற்றில் ஒன்றை மட்டும் உடனே சாப்பிடுங்கள். மற்றவற்றை எறிந்துவிடுங்கள். நான்கைந்தைச் சேர்த்து விழுங்கினால் போன பாதுகாப்பு திரும்பி வராது, வாந்திதான் வரும்.
2. அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் சாப்பிட்டு, அட்டையைத் தொடருங்கள்.
3. தொடர்ந்து 7 வெள்ளை மாத்திரை உள்ளே போகும் வரை, உறவு இருந்தால் ஆணுறை கட்டாயம். வெளியே விந்து விடுவதை நம்பி இந்த 7 நாளைக் கடத்தாதீர்கள்.
4. இனி எந்த வாரம் என்று பாருங்கள்.

முதல் வாரம் என்றால், அல்லது புது அட்டையை இரண்டு நாளோ அதற்கு மேலோ தாமதமாகத் தொடங்கியிருந்தால், கடந்த 5 நாளில் பாதுகாப்பில்லாத உறவு இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் அவசரக் கருத்தடை தேவை. இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இரண்டாம் வாரம் என்றால், அதற்கு முன் 7 நாளும் ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் சினைப்பை நன்றாக உறங்கிக்கொண்டிருக்கும். மேலே சொன்ன முதல் மூன்று படிகள் போதும்.

மூன்றாம் வாரம் என்றால், மிச்சமுள்ள வெள்ளை மாத்திரைகளை முடியுங்கள். பழுப்பு மாத்திரைகளைத் தொடாமல் அட்டையை எறிந்துவிட்டு, மறுநாளே புது அட்டையின் முதல் வெள்ளை மாத்திரையைத் தொடங்குங்கள். அந்த மாதம் தீட்டு வராமல் போகலாம், அல்லது இடையில் திட்டுத் திட்டாகப் படலாம். அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. இதைச் செய்ய இன்னோர் அட்டை கையில் இருக்க வேண்டும். ஆகவே எப்போதும் ஓர் அட்டையை முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். அட்டை கிடைக்கவில்லை என்றால், கிடைத்து அதில் 7 வெள்ளை மாத்திரை முடியும் வரை ஆணுறை.

வெள்ளை மாத்திரையை ஒரு வாரத்துக்கு மேல் விட்டுவிட்டவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். புதிதாகத் தொடங்குபவர் போல நர்ஸிடமோ மருத்துவரிடமோ பேசி, கரு இல்லை என்று பார்த்துக்கொண்டு தொடங்க வேண்டும்.

குறிப்பு: மாத்திரை விட்ட இரண்டு மூன்று நாளில் லேசாக ரத்தம் படுவது சகஜம். "தீட்டு வந்துவிட்டது, இனி பயமில்லை" என்று அட்டையை நிறுத்திவிடாதீர்கள். ஹார்மோன் குறைந்ததால் வந்த ரத்தம் அது. கரு இல்லை என்பதற்கு அது சான்று ஆகாது.

சாப்பிட்டும் விட்டதாகும் நேரங்கள்

மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு மாத்திரை போடுங்கள். அட்டையின் கடைசி வெள்ளையிலிருந்து அல்லது வேறோர் அட்டையிலிருந்து எடுத்தால் வரிசை குழம்பாது. கடும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால், மாத்திரையை நிறுத்தாமல், அந்த நாட்களை மாத்திரை விட்ட நாட்களாகவே எண்ணி மேலே சொன்ன படிகளைப் பின்பற்றுங்கள்.

காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், கார்பமசெபைன் ஆகியவை கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். இவற்றை எடுப்பவர் ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டாலும் போதாது. வேறு கருத்தடை முறை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். சளிக்கும் காய்ச்சலுக்கும் தரும் அமாக்சிசிலின் போன்ற சாதாரண ஆன்டிபயாடிக்குகளால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். 7-ஆம் தேதி சனிக்கிழமை இரவு கடைசி வெள்ளை மாத்திரை. 8 முதல் 14 வரை பழுப்பு. 15-ஆம் தேதி ஞாயிறு புது அட்டை தொடங்க வேண்டும். ஊர்த் திருவிழாவுக்குப் போனவர் புது அட்டையை வாடகை வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டார். 18-ஆம் தேதி புதன்கிழமை காலை திரும்பி வந்த பிறகுதான் கையில் கிடைக்கிறது. கணவருடன் உறவு இருந்தது 14 இரவும் 16 இரவும்.

"மூணு மாத்திரைதானே" என்று அவருக்குத் தோன்றும். அவர் எண்ண வேண்டியது ஹார்மோன் இல்லாத நாட்களை. 8 முதல் 17 வரை 10 நாள். சினைப்பைக்கு 7 நாள் மட்டுமே ஓய்வு தரலாம் என்றோமே, இங்கே 3 நாள் கூடிவிட்டது. 14-ஆம் தேதி உறவின் விந்தணுக்கள் 19 வரை உயிரோடு இருக்கலாம். 16-ஆம் தேதியின் விந்தணுக்கள் 21 வரை. முட்டை இந்த நாட்களில் வெளிவந்தால் கரு தங்க வழி உண்டு. கட்டாயம் தங்கிவிடும் என்பதில்லை. ஆனால் சும்மா இருந்து பார்க்கும் நிலையும் இல்லை.

அவர் செய்ய வேண்டியது:

1. புதன் காலையே புது அட்டையின் முதல் வெள்ளை மாத்திரையைப் போட வேண்டும். அடுத்தடுத்த மாத்திரைகள் தினமும். கிழமை அச்சிட்ட அட்டை என்றால் அந்தக் கிழமை இனி பொருந்தாது. பொருந்தாததால் ஒன்றும் கெடாது.
2. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருத்துவரிடமோ போக வேண்டும். அங்கே இரண்டு வழிகள் இருக்கும்.
3. முதல் வழி காப்பர் டி. பாதுகாப்பில்லாத உறவு நடந்த 5 நாளுக்குள் கருப்பையில் வைத்தால் 100-இல் 99-க்கு மேல் பலன். 14-ஆம் தேதி இரவிலிருந்து எண்ணினால் 19 இரவு வரை நேரம் இருக்கிறது. அதற்குள் வைத்தால் இரண்டு நாள் உறவுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. கிழமை மறந்துபோகும் வாழ்க்கைக்கு மாத்திரையே ஒத்துவரவில்லை என்று அவர் நினைத்தால், அதையே நிரந்தரமாக வைத்துக்கொண்டு அட்டையை நிறுத்திவிடலாம். 380ஏ வகை 10 ஆண்டு வரை வேலை செய்யும்.
4. இரண்டாம் வழி அவசர கருத்தடை மாத்திரை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே வேளை. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் என்றால் 16 இரவுக்கு 19 இரவு வரை நேரம் இருக்கிறது. 14 இரவுக்கு அந்தக் கெடு முடிந்துவிட்டது. 5 நாள் வரை ஓரளவு பலன் உண்டு என்றாலும், நேரம் போகப் போகக் குறையும். ஆகவே புதன் காலையே எடுப்பதுதான் நல்லது.
5. அவசர மாத்திரை போட்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று போட வேண்டும்.
6. 18 முதல் 24 வரை 7 நாளும் ஆணுறை. 25-இலிருந்து மாத்திரை மட்டும் போதும். அவசர மாத்திரை போட்டதால் அட்டையை நிறுத்தக் கூடாது. இந்த இடத்தில் பலர் நிறுத்திவிட்டு, அதே மாதத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.
7. கர்ப்பப் பரிசோதனை அடுத்த மாதம் 7-ஆம் தேதி. அது எப்படி வந்தது என்று கீழே சொல்கிறேன்.

அவசர மாத்திரை பற்றி இரண்டு வார்த்தை

இந்த மாத்திரை முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. முட்டை ஏற்கனவே வந்துவிட்டால் அதற்கு வேலை இல்லை. கரு தங்கியிருந்தால் கலைக்காது, கருவுக்குக் கெடுதலும் செய்யாது. "அது கருக்கலைப்பு மாத்திரை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உடல் எடை 70 கிலோவைத் தாண்டினால் பலன் குறையலாம். அப்படிப்பட்டவருக்குக் காப்பர் டி நல்ல வழி.

லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராமுக்கு மருத்துவர் சீட்டு தேவையில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகளில் அதை வைப்பதில்லை என்பது பெண்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை. ஒரு கடையில் இல்லை என்றதும் அடுத்த நாளைக்கு என்று விட்டுவிடாதீர்கள். நேரம்தான் இங்கே மருந்து. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், கிராம சுகாதார செவிலியரிடமும், அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவிலும் கேளுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். கல்யாணம் ஆகவில்லையா என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை.

எப்போது பரிசோதிப்பது

பதற்றத்தில் மறுநாளே கார்டு வாங்கிப் பார்ப்பவர்கள் உண்டு. பயனில்லை. கருப்பையில் கரு பதிந்த பிறகுதான் சிறுநீரில் காட்டும் ஹார்மோன் சுரக்கும். கடைசியாகப் பாதுகாப்பில்லாத உறவு நடந்த நாளிலிருந்து 21 நாள் கழித்துப் பார்த்தால் முடிவை நம்பலாம். திருப்பூர்ப் பெண்ணுக்கு 16-உடன் 21 கூட்டினால், 30 நாள் மாதத்தில், அடுத்த மாதம் 7. அதனால்தான் அந்தத் தேதி.

1. நிஷ்சய் என்ற பரிசோதனை கார்டை சுகாதார செவிலியர் இலவசமாகத் தருவார். கடையிலும் வேறு பெயர்களில் கிடைக்கும்.
2. காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரைச் சுத்தமான சிறு கிண்ணத்தில் பிடியுங்கள்.
3. கார்டின் குழியில் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள்.
4. 5 நிமிடத்தில் பாருங்கள். ஒரு கோடு என்றால் இல்லை. இரண்டு கோடு என்றால் கர்ப்பம். இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் கர்ப்பமாகவே எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். சி என்ற இடத்தில் கோடே வராவிட்டால் கார்டு கெட்டுப்போனது, வேறொன்றில் பாருங்கள்.
5. அரை மணி நேரம் கழித்துத் தெரியும் கோட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஒரு கோடு வந்தும் பழுப்பு மாத்திரை நாட்களில் தீட்டு வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அதுவரை அட்டையைத் தொடரலாம். மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு வரும் ரத்தம் இயல்பான தீட்டு அல்ல, ஹார்மோன் நின்றதால் வருவது. ஆகவே வழக்கத்தைவிட மிகக் குறைவாக வந்தாலும், வந்ததே என்று விட்டுவிடாமல், குறித்த தேதியில் கார்டைப் பார்த்துவிடுங்கள். அவசர மாத்திரை போட்டிருந்தால் ரத்தம் முன்னே பின்னே ஒரு வாரம் நகரலாம்.

சாயா சாப்பிடுபவர்களுக்கு

சாயா முதல் 3 மாதம் வாரம் 2 முறை, பிறகு வாரம் 1 முறை. இதில் ஹார்மோன் இல்லை, மேலே சொன்ன வாரக் கணக்கு இதற்குப் பொருந்தாது. குறித்த நாள் தவறினால் நினைவு வந்த உடனே சாப்பிடுங்கள். தாமதம் 7 நாளுக்குள் என்றால் பழைய கிழமைகளையே தொடர்ந்து, அடுத்த தீட்டு வரும் வரை ஆணுறை பயன்படுத்துங்கள். 7 நாளைத் தாண்டிவிட்டால் முதலிலிருந்து, அதாவது மறுபடி 3 மாதம் வாரம் 2 முறை என்று தொடங்க வேண்டும்.

இரண்டு கோடு வந்துவிட்டால்

அட்டையை அன்றே நிறுத்துங்கள். தெரியாமல் இதுவரை சாப்பிட்ட மாத்திரையால் குழந்தைக்கு ஊனம் வரும் என்று அஞ்ச வேண்டாம். அப்படி ஒரு கெடுதல் இருப்பதாகத் தெரியவில்லை. குழந்தை வேண்டும் என்றால் சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பரிசோதனைகளைத் தொடங்கலாம்.

வேண்டாம் என்றாலும் சட்டப்படி வழி இருக்கிறது. கருத்தடை முறை தோற்றதால் உண்டான கர்ப்பத்தை 20 வாரம் வரை பதிவு பெற்ற மருத்துவரிடம் கலைத்துக்கொள்ளலாம். 2021-இல் திருத்திய சட்டத்தில் "கணவர்" என்ற சொல்லுக்குப் பதில் "துணைவர்" என்று வந்துவிட்டதால், திருமணம் ஆகாதவருக்கும் இது பொருந்தும். 18 வயது நிறைந்தவருக்குத் தன் சம்மதம் மட்டும் போதும், கணவரின் கையெழுத்தை யாரும் கேட்கக் கூடாது. 9 வாரம் வரை மாத்திரையாலேயே முடிக்கலாம், ஆனால் மருத்துவர் பார்த்துத் தர வேண்டும். அந்தக் கிட்டைக் கடையில் ரகசியமாக வாங்கிச் சாப்பிட்டு, ரத்தப்போக்கு நிற்காமல் மருத்துவமனைக்கு வரும் பெண்கள் பலர். வாரம் எத்தனை, கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்க்காமல் அதைத் தொடவே கூடாது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

பரிசோதனையில் இரண்டு கோடு வந்திருந்தாலும், நாள் தள்ளிப்போய் இன்னும் பரிசோதிக்காமல் இருந்தாலும், அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தோள்பட்டை நுனியில் வலி, கண் இருண்டு மயக்கம் ஆகியவை வந்தால் கரு குழாயில் தங்கியிருக்கக்கூடும். குழாய் வெடித்தால் உள்ளே ரத்தம் கொட்டும். விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-க்கு அழையுங்கள். மருத்துவமனையில் நுழைந்ததும் முதலில் சொல்ல வேண்டியது, "நாள் தள்ளிப்போயிருக்கு, மாத்திரை விட்டுப்போச்சு" என்பதுதான். கூட வந்த மாமியாருக்கோ அண்ணனுக்கோ தெரிய வேண்டாம் என்று நினைத்தால், மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். நான்கு தேதிகள் எழுதிய அந்தத் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள்.